நாற்பது விரிப்புகளின் மூலையில்

எங்கள் வகுப்பில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், தன் புகைப்படத்துக்குப் பின்புறம், நூல் கோத்த ஊசி ஒன்றை எப்போதும் வைத்திருப்பாள். யாருக்குப் பித்தான் தெறித்தாலும், துப்பட்டா கதவில் மாட்டிக் கிழிந்தாலும், "நில்லு, அசையாத" என்று சொல்லி அங்கேயே தைத்துவிட்டுப் போவாள். நன்றி சொல்வதற்குள் போய்விடுவாள். துணியியல் துறையில் மூன்றாண்டுகள் நானும் அவளும் ஒரே விடுதி அறையில் இருந்தோம்.

மூன்று பெண்களில் நடுப்பிள்ளை. அக்காவின் உடைகள் அவளுக்கு வரும். அவள் போட்டு முடிப்பதற்குள் அவை நைந்துவிடும் என்பதால் தங்கைக்குப் புதிதாக எடுப்பார்கள். பாடப்புத்தகங்களின் முதல் பக்கத்தில் அக்காவின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயர் எழுதியிருக்கும். அடித்த கோட்டுக்கு அடியில் பழைய பெயர் தெளிவாகத் தெரியும். இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள், "எங்க வீட்ல எனக்குன்னு வாங்கினது இந்த ஊசி டப்பா ஒண்ணுதான். அதுவும் நானே வாங்கினது."

கடைசிப் பருவத்தில் ஆறு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். மதிப்பெண் வரிசையில் இடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நூற்பாலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, சாயப் பட்டறை எல்லாம் முதலிலேயே போய்விட்டன. ஊசியின் முறை வந்தபோது மிச்சம் இருந்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடம்.

"போ, போ. மூணு வருஷம் துணியைப் பத்திப் படிச்சிட்டு அழுக்குத் துணி எண்ணப் போற" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"யாராவது எண்ணத்தான வேணும்" என்றாள் ஊசி.

அந்த ஆறு வாரத்தில் நான் நூற்பாலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கோப்புகளைப் பார்த்து எழுதினேன். மாலையில் நான் அறைக்குத் திரும்பும்போது அவள் இன்னும் வந்திருக்க மாட்டாள். வந்த பிறகு பேசிக்கொண்டே இருப்பாள். அதுவரை ஊசி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சலவைக் கூடம் மருத்துவமனையின் தரைக்குக் கீழ்த் தளத்தில் இருந்தது. வார்டுகளிலிருந்து மூட்டைகள் வரும். பிரித்து, எடை போட்டு, இயந்திரத்தில் ஏற்றி, கொதிநீரில் அலசி, பிளீச் போட்டு, மறுபடி அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, பிழிந்து, சூடான உருளைகளுக்கு இடையே விட்டு எடுப்பார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக நின்று மடிப்பார்கள். வெள்ளை விரிப்புகள் சிலவற்றில் பழுப்புக் கறை திட்டுத் திட்டாக விழுந்துகொண்டிருந்தது. வார்டுகள் திருப்பி அனுப்பும். கூடம் இன்னும் கொஞ்சம் பிளீச் சேர்த்து வெளுக்கும். கறை இன்னும் கருக்கும். வார்டு திட்டும், கூடம் வார்டைத் திட்டும். வருடக்கணக்காக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"கொடுக்கறப்ப வெள்ளையாத்தான் இருக்கு கண்ணு, வெளுத்தா அழுக்காகுது. நான் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி" என்று மூட்டை பிரிக்கும் அக்கா ஊசியிடம் சொன்னாளாம். அந்த அக்கா அந்தக் கூடத்தில் பதினைந்து வருடமாக இருப்பவள். வாய் ஓயாதவள். முதல் நாளே ஊசியை "வாடி என் மருமகளே" என்று கூப்பிட்டுவிட்டாள். அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

எந்த வார்டின் விரிப்பில் கறை விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. கூடத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஊசி தன் உறைக்குள்ளிருந்து ஊசியை எடுத்தாள். நான்கு வார்டுகளுக்கு நான்கு நிறம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சிவப்பு, அறுவை சிகிச்சைக்கு நீலம், பிரசவத்துக்குப் பச்சை, பொது வார்டுக்கு மஞ்சள். ஒரு வார்டுக்கு நாற்பது புது விரிப்புகள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஐந்து தையல். நூற்று அறுபது விரிப்புகளை மூன்று நாளில் தைத்து முடித்தாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, அந்தந்த நிறம் அந்தந்த வார்டுக்கே போகும்படி செய்தாள்.

முதல் முறை தோற்றாள். தைத்தது பூத்தையலுக்கான பருத்தி நூல். ஐந்தாறு சலவையில் பிளீச் அதையும் தின்றுவிட்டது. சிவப்பு எது, மஞ்சள் எது என்று தெரியவில்லை. அன்றைக்கு அறைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் பாலியெஸ்டர் நூல் வாங்கிக்கொண்டு போய் நூற்று அறுபதையும் முதலிலிருந்து தைத்தாள். மூட்டை பிரிக்கும் அக்கா கூட உட்கார்ந்து பழைய நூலைப் பிரித்துக் கொடுத்தாளாம். "எனக்குன்னு வாய்ச்ச மருமக, கட்டின வீட்டை இடிச்சுக் கட்டறா."

நான்காம் வார இறுதியில் எண்ணிப் பார்த்தாள். சிவப்பு நூல் நாற்பதில் இருபத்தேழில் கறை. நீலத்தில் இருபத்திரண்டு. பச்சையில் ஐந்து. மஞ்சளில் இரண்டு. சிவப்பும் நீலமும் மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்த இரண்டு வார்டிலும் நோயாளிகளின் உடம்பைத் துடைக்க இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கிருமிநாசினி வைத்திருந்தார்கள். குளோர்ஹெக்ஸிடின் என்று பெயர். புட்டியின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் போட்டிருந்தது: துணியில் பட்டால் குளோரின் பிளீச் உபயோகிக்கக் கூடாது, நீங்காத கறை ஏற்படும்.

கிழிந்த விரிப்பொன்றைத் துண்டு போட்டு அந்த மருந்தில் நனைத்து அலசினாள். பாதியைக் கூடத்தின் பிளீச்சில் போட்டாள், பழுப்பானது. மீதியை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டாள், வெள்ளையாகவே இருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவிங்களா, இத்தனை வருஷமா நாமளே சமைச்ச கறையா இது" என்று சிரித்தாராம். பெராக்சைடு வாங்க எழுதிப் போட்டார். முதல் பீப்பாய் வந்து இறங்கிய நாள்தான் ஊசியின் கடைசி நாள். மூடியைத் திறப்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு அனுமதி அட்டையை வாயிலில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஏக்கம் ஒன்றுதான். அப்புறம் என்ன ஆச்சு?

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. அறிக்கையில் ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'எனது பங்களிப்பு' என்பதுதான். அதில் மூன்றாவது அட்டவணை, மாற்றத்துக்குப் பின் கிடைத்த பலன். ஊசி அந்த இடத்தில், 'முடிவு இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கொண்டுபோனாள். எங்கள் வழிகாட்டி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முடிவே இல்லாம ஒரு ரிப்போர்ட்டா? கடைசியில முடிச்சுப் போடாத தையல் மாதிரி இருக்கு. இழுத்தா மொத்தமும் வந்துரும்."

"அவங்க மாத்தினாங்களான்னே தெரியலை மேடம்."

"மாத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல? அதை எழுது. பைண்டிங் நாளைக்குக் கடைசி நாள்."

மேடம் கெட்டவர் இல்லை. அறுபது அறிக்கைகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். ஊசி பெராக்சைடு விற்பவர்கள் கொடுத்திருந்த வழவழத் தாளைப் பார்த்து, 'புதிய வெளுப்பான் பயன்படுத்திய பின் கறை தொண்ணூறு சதவீதம் குறைந்தது' என்று ஒரு வரி எழுதினாள். மூன்று பிரதிகள் பைண்டிங் ஆகி, பொன்னிற எழுத்தோடு வந்துவிட்டன. அந்த வரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் எங்கள் துறைக்கு வருவது அது நான்காவது முறை என்பதால், அவர் என்ன கேட்பார் என்று மூத்த மாணவிகள் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் வரலாற்றைக் கேட்க மாட்டார். படத்தைக் காட்டினால் பார்க்க மாட்டார். பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டு, "இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் கவிழ்வார்களாம்.

விடுதி மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே, தினமும் பிற்பகலில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். நான் தேர்வாளர். கவிழ்த்துப் போட்ட வாளி என் நாற்காலி.

"இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"அங்க நாலு வார்டு துணி ஒண்ணா வரும் சார். மேற்பார்வையாளர் அண்ணன் ஒத்துக்கிட்டதால நூல் அடையாளம் போட்டோம். அக்கா பிரிச்சுக் கொடுத்தாங்க. வார்டு நர்ஸ் புட்டியைக் காட்டினாங்க."

"எல்லாரும் எல்லாம் செஞ்சிருக்காங்க. நீங்க?"

"நானும் கூட இருந்தேன்."

துணி காயப்போட வந்தவள் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி, உன் கல்யாணத்துல நீ பொண்ணா, பொண்ணுக்குத் தோழியா?" என்று கேட்டாள். ஊசியும் சிரித்தாள். ஆனால் மறுநாளும் அதே பதில்தான் வந்தது. 'நான்' என்ற சொல் அவள் வாயில் வருவதற்குள் அக்காவோ அண்ணனோ அதில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

தொண்ணூறு சதவீதம் பற்றி நான் கேட்டால் அவள் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து மருத்துவமனையின் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அவள் ஒவ்வொரு நாளும் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓயும். அவர் கைப்பேசியை வேலை நேரத்தில் அலமாரியில் பூட்டி வைப்பவர். கூடத்தின் இரைச்சலில் கையில் இருந்தாலும் கேட்காது. நேரில் போனாள், வாயிலில் இருந்த காவலாளி அட்டை கேட்டான். ஆறு வாரமும் தினமும் காலை வணக்கம் சொன்ன அதே காவலாளிதான். "தெரியும்மா. ஆனா அட்டை இல்லாம விட்டா என் வேலை போயிரும்."

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "உள்ள ஆவி வர்ற வாசனை வாசல் வரைக்கும் வந்துது. அவ்ளோ கிட்டக்க நின்னேன்."

"எண்ணிக்கை தெரியாட்டி என்ன? படிச்சதைச் சொல்லு, மார்க் கிடைக்கும்."

"மார்க்குக்கு மட்டும் இல்லடி." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைச் சொன்னாள். "காலைல உள்ள போனதும், 'இன்னிக்கு என்ன நூல்?'னு அக்கா கேப்பா. நான் சொல்ற வரைக்கும் மூட்டையைப் பிரிக்க மாட்டா. என்னைக் கேட்டு யாராவது ஒரு வேலை செஞ்சது அங்கதான்."

தேர்வு நாளன்று, ஒருத்தி விடையளிக்கும்போது அடுத்தவள் உள்ளே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊசிக்கு அடுத்த எண் எனக்கு. அதனால் நான் அனைத்தையும் பார்த்தேன்.

தேர்வாளர் நரைத்த மீசையும் அரைக்கைச் சட்டையுமாக இருந்தார். பக்கத்தில் வழிகாட்டி மேடம். மேசையில் அறிக்கை, வருகைப் பதிவு, ஒரு தண்ணீர்ப் புட்டி. முதலில் கடைசி அலசலில் எதற்கு அமிலம் என்று கேட்டார். சோப்பின் காரம் துணியில் தங்கினால் உருளைச் சூட்டில் மஞ்சளாகும், தோலும் அரிக்கும் என்று ஊசி சரியாகச் சொன்னாள். பிறகு பென்சில் ஐந்தாம் அத்தியாயத்தைத் தொட்டது.

"இந்த மருந்தோட பிளீச் சேர்ந்தா கறை விழும்னு புட்டியிலேயே போட்டிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

மேடம் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

"ஒண்ணும் கண்டுபிடிக்கலை சார்."

"அப்போ?"

"புட்டி மாடியில இருக்கு சார். பிளீச் கீழ இருக்கு. மாடியில இருக்கறவங்க கீழ வர்றதில்லை, கீழ இருக்கறவங்களை மாடிக்கு விடறதில்லை. ரெண்டுக்கும் நடுவுல துணி மட்டும்தான் போய் வந்துக்கிட்டு இருந்துது. நான் அந்தத் துணியில நூல் போட்டேன்."

பென்சில் நின்றது.

"என்ன நூல்?"

அந்தக் கேள்வியை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. ஊசியின் முகம் மாறியதைப் பின்னாலிருந்தே, அவள் தோள் நிமிர்ந்ததிலேயே பார்த்தேன். பருத்தி நூல் போட்டுத் தோற்றதைச் சொன்னாள். எத்தனையாவது சலவையில் எந்த நிறம் முதலில் போனது என்று சொன்னாள். பாலியெஸ்டர் நூலை ஏன் உள்ளோரத்தில் தைத்தாள், வெளியோரத்தில் தைத்தால் உருளை எப்படி இழுத்துப் பிய்க்கும், நோயாளியின் கன்னத்தில் முடிச்சு உறுத்தாமல் இருக்க முடிச்சை மடிப்புக்குள் எப்படி ஒளிக்க வேண்டும் என்று சொன்னாள். பேச்சோடு கழுத்து உறையிலிருந்து ஊசியை எடுத்து, தன் துப்பட்டா ஓரத்திலேயே ஒரு தையல் போட்டுக் காட்டினாள். தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ரிப்போர்ட்ல இல்லையே?"

"தப்பா செஞ்சதை எழுதலாமான்னு தெரியலை சார்."

"சரி. அட்டவணை ஐந்து, ரெண்டு. வார்டுவாரியா கறை. எண்ணினது யாரு?"

"நான்தான் சார். மூணு தடவை எண்ணினேன்."

'நான்' என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். அவள் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"அட்டவணை ஐந்து, மூணு. தொண்ணூறு சதவீதம். இதை எண்ணினது யாரு?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊசி முந்திக்கொண்டாள்.

"யாரும் எண்ணலை சார். விக்கறவங்க தாள்ல இருந்தது. முடிவு வேணும்னு நான் எழுதிட்டேன்."

மேடம் சொன்னதால் என்று அவள் சொல்லவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ உண்மையில என்ன ஆச்சு?"

"தெரியலை சார். எனக்கும் அதுதான் தெரியணும். உள்ள விட மாட்டேங்கறாங்க."

கடைசி வாக்கியம் வரும்போது குரல் உடைந்துவிட்டது. தேர்வாளர் அந்தத் தொண்ணூறு சதவீத வரியைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"இல்லாத எண்ணை எழுதினதுக்கு மார்க் குறைப்பேன். அதுல மாத்தமில்லை. ஒரு வாரத்துல இந்தப் பக்கத்தைத் திருத்திக் கொடுக்கணும். முடிவு தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க, அதுவும் முடிவுதான். போய் எண்ண முடிஞ்சா எண்ணி எழுதுங்க." மேடம் பக்கம் திரும்பினார். "உள்ள விடறதுக்கு ஒரு கடிதம் கொடுத்துடுங்க மேடம்."

வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னடி, காலை வாரிட்டாரா?" ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "திருத்தம் கொடுத்திருக்காரு. நான் உள்ள போகலாம்."

திருத்தம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள் என்று அதை வைத்துக் கேலி நடந்தது. என் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நூற்பாலையில் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். கோப்புகளைப் படித்தேன் என்றேன். தலையாட்டினார்.

கடிதத்தோடு சனிக்கிழமை காலை போனோம். எண்ணுவதற்குத் துணை வேண்டும் என்று என் பெயரையும் மேடத்திடம் எழுதி வாங்கியிருந்தாள். படியிறங்கும்போதே வெக்கை முகத்தில் அடித்தது. சோப்பும் ஈரத்துணியும் கலந்த வாசனை. ஊசி கடைசி மூன்று படிகளை ஓடியே இறங்கினாள்.

"அடியேய், வந்துட்டியா!" மூட்டைகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. கையுறையோடு அக்கா எழுந்தாள். "உன் நூலு எங்க உயிரை வாங்குது தெரியுமா? கண்ணு போயிரும் போல இருக்கு."

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? புதுத் துணி வர வர நாங்கதான தைக்கறோம். நீ பாட்டுக்கு ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போயிட்ட."

மடிக்கும் மேசையில் அடுக்கியிருந்த விரிப்புகளின் மூலைகளை ஊசி தூக்கிப் பார்த்தாள். சிவப்பு. நீலம். சிவப்பு. அவள் தைத்த ஐந்து தையல் சில, யாரோ அவசரமாகப் போட்ட கோணல் தையல் பல. ஓர் இடத்தில் விரல் நின்றது. ஆரஞ்சு நிற நூல்.

"இது எந்த வார்டு?"

"குழந்தைங்க வார்டு. அவங்களும் கேட்டாங்க, போட்டுக் கொடுத்தோம். இப்பல்லாம் ஒரு வார்டு துணி இன்னொரு வார்டுக்குப் போறதில்லை, சண்டையும் இல்லை."

ஊசி அந்த ஆரஞ்சு நூலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அவள் கொடுக்காத நிறம் அது.

மேற்பார்வையாளர் வந்தார். போன் அழைப்புகளை மாலையில் பார்த்ததாகவும், 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்றே நாள் போய்விட்டதாகவும் வெட்கத்தோடு சொன்னார். எல்லாத் துணிக்கும் பெராக்சைடு வாங்க மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லையாம். மாதத்துக்கு ஒரு பீப்பாய்தான் வருகிறது. அதனால் சிவப்பும் நீலமும் மட்டும் தனி மூட்டையாகப் பிரித்து, தனி இயந்திரத்தில் பெராக்சைடு போட்டு வெளுக்கிறார்கள். மற்றதற்குப் பழைய பிளீச்.

"நூலைப் பாத்துப் பிரிக்கறதுதான். சுலபமா இருக்கு."

"இப்படிப் பிரிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே அண்ணே. எல்லாத்தையும் மாத்தணும்னுதான எழுதினேன். யாரோட யோசனை இது?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இயந்திரம் ஓட்டுபவரைப் பார்த்தாள். "யாருக்குத் தெரியும்? ஒரு நாள் அப்படிச் செஞ்சோம், அப்புறம் அப்படியே செஞ்சோம். இதுக்கெல்லாமா பேர் எழுதி வெப்பாங்க?"

பழைய கறை போகாது. ஆகவே அவள் முன்பு எண்ணியபோது கறையில்லாமல் இருந்த விரிப்புகளில் புதுக் கறை விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கறை விழுந்தவற்றின் நூலுக்குப் பக்கத்தில் அவள் அப்போதே குறுக்கே ஒரு தையல் போட்டு வைத்திருந்தாள். குறுக்குத் தையல் இல்லாதவற்றை நாங்கள் தேடினோம். அலமாரியில், வண்டியில், காயும் கொடியில். வார்டில் நோயாளிகளுக்கு அடியில் இருந்தவற்றை, படுக்கை மாற்றும் நேரத்துக்குக் காத்திருந்து வாங்கிப் பார்த்தோம். சிவப்பில் பதின்மூன்றுக்குப் பதினொன்று கிடைத்தது. நீலத்தில் பதினெட்டுக்குப் பதினைந்து. மீதி ஐந்தும் கிழித்துத் துடைக்கும் துணியாகிவிட்டதோ, வேறெங்கோ போய்விட்டதோ, தெரியவில்லை. கிடைத்த இருபத்தாறில் மூன்றில் மட்டும் மங்கலான கறை இருந்தது. ஊசி மூன்று தடவை எண்ணினாள்.

"தொண்ணூறுக்குக் கிட்டத்தட்ட வருதே" என்றேன் நான், கணக்குப் போட்டுப் பார்த்து.

"வந்தாலும் அது வேற, இது வேற. இதைப் பாத்தாச்சு."

வேலை முடிந்தும் அவள் கிளம்பவில்லை. மடிக்கும் மேசையில் அக்காவுக்கு எதிரே போய் நின்றாள். விரிப்பின் இரண்டு முனைகளை இவள் பிடிக்க, இரண்டை அவள் பிடிக்க, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மறுபடி உதறினார்கள். கிட்டே வரும்போதெல்லாம் அக்கா ஏதாவது சொல்லுவாள், விலகும்போது இருவரும் சிரிப்பார்கள். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கியபோது ஊசி அதைப் பார்க்காமலிருக்க முதுகைத் திருப்பி நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது மேற்பார்வையாளரிடம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "இங்க ஏதாவது வேலை இருந்தா..."

"இருந்தா உனக்குச் சொல்லாம யாருக்கும்மா சொல்லப் போறேன்?"

உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அக்கா படி வரைக்கும் வந்தாள். "நூலு தீந்துபோச்சு, வாங்கித்தர மாட்டேங்கறாங்கடி." ஊசி கழுத்து உறையிலிருந்து ஊசியையும், பையிலிருந்த நூல் கண்டுகளையும் கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே வெயிலில் அவள் அடையாள அட்டை முதல் முறையாகத் தட்டையாகத் தொங்கியது.

திருத்திய பக்கத்தில் இருபத்தாறையும் மூன்றையும் எழுதினாள். கிடைக்காத ஐந்தையும் எழுதினாள். பருத்தி நூல் தோற்றதற்குத் தனியாக ஒரு பத்தி. கடைசியில், சிவப்பையும் நீலத்தையும் மட்டும் பிரித்து வெளுப்பது தன்னுடைய யோசனை அல்ல, கூடத்தில் வேலை செய்பவர்களுடையது என்று ஒரு வரி சேர்த்தாள். மேடம் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை முதல்லயே எழுதியிருக்கலாம். நானும் விட்டிருக்கலாம்" என்றார். மதிப்பெண் நடுத்தரமாகத்தான் வந்தது.

அது முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூடத்திலிருந்து அழைப்பு வரவில்லை. ஊசி இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் சாயம் போகிறதா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறாள். நல்ல வேலை, குளிரூட்டிய அறை. துணி அவளிடம் கைக்குட்டை அளவுத் துண்டுகளாக வரும். அது எந்த உடையாகி யாரிடம் போகும் என்று தெரியாது. அங்கே யாரும் "இன்னிக்கு என்ன நூல்?" என்று கேட்பதில்லை.

ஒரு முறை கணக்குப் போட்டுச் சொன்னாள். ஒரு விரிப்பு நூறு, நூற்றைம்பது சலவை தாங்கும். அவள் தைத்த நாற்பது சிவப்பு நூல்களில் இந்நேரம் ஏழெட்டு மிஞ்சியிருந்தால் அதிகம்.

போன மாதம் என் சித்தியை அந்த மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பார்க்க வந்த ஊசி பழங்களை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் குனிந்து விரிப்பின் மூலையைத் தூக்கினாள். படுக்கையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்து, "இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் சித்தி.

மஞ்சள் நூல். அருகில் போய்ப் பார்த்தேன். கோணல் தையல்.

"உன்னுதா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"இல்ல." மூலையை மெத்தைக்கு அடியில் செருகி, கையால் தடவிச் சமன் செய்தாள். "ஆனா முடிச்சை உள்ள ஒளிச்சிருக்காங்க, பாரு."

பார்வை நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள். கீழ்த் தளத்துக்குப் போகும் படியருகே அவள் ஒரு நிமிடம் நின்றாள். அட்டை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்கியது. ஆவி வாசனை வந்துகொண்டிருந்தது.